மரபுத்தொடர் வினாக்கள்: நேர்ப்பொருள் இழுக்கும்போது நான்கில் சரியானதைப் பிடிப்பது எப்படி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 வினாக்களுக்கு 3 மணி நேரம். அதில் 100 வினாக்கள் தமிழ்ப் பகுதியில் வருகின்றன. கணக்குப் போட்டால் ஒரு வினாவுக்கு 54 விநாடிதான். மரபுத்தொடரும் உவமைத்தொடரும் கேட்கும் வினாக்களை இந்த நேரத்துக்குள் தாராளமாக முடிக்கலாம். ஆனாலும் தமிழ் பேசி வளர்ந்தவர்களே அங்கே மதிப்பெண்ணை விடுகிறார்கள். தொடரைக் கேட்டதே இல்லை என்பது எப்போதாவதுதான் காரணமாக இருக்கும். கேட்டுப் பழகிய தொடரின் பொருளைச் சரியான சொல்லில் சொல்லிப் பார்த்ததில்லை என்பதே பெரும்பாலும் காரணம். நான்கு விடைகளைப் பார்த்ததும் அந்தத் தெளிவின்மை வெளியே வந்துவிடுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தவறான மூன்று விடைகளும் எங்கிருந்து வருகின்றன என்பதை.

தவறான விடைகள் பிறக்கும் இடம்

இந்த வினாவைப் பாருங்கள்:

"பரம்பரைக் கடையைக் கை கழுவிவிட்டு முருகன் சென்னைக்குப் போய்விட்டான்." இதில் 'கை கழுவுதல்' என்பதன் பொருள்:
(அ) சுத்தம் செய்தல் (ஆ) விட்டு விலகுதல் (இ) விற்று இலாபம் பார்த்தல் (ஈ) பொறுப்பேற்றல்

(அ) நேர்ப்பொருள். தண்ணீரும் கையும் கண்ணுக்குள் வந்து நிற்பதால் இழுக்கிறது. ஆனால் கொஞ்சம் பயிற்சி வந்தவர்கள் இதில் விழுவதில்லை. (ஈ) எதிர்ப்பொருள். தொடரில் 'பொறுப்பு' சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று இருக்கிறது என்று அரைகுறையாக நினைவிருப்பவர்களைப் பிடிக்க வைத்தது. உண்மையான கண்ணி (இ). ஊரை விட்டுப் போகிறவன் கடையை விற்றிருப்பான் என்பது நடைமுறைக்குப் பொருந்துகிறது. வாக்கியத்தில் போட்டுப் படித்தாலும் உறுத்தவில்லை. "கடையை விற்று இலாபம் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான்" என்று சரளமாகவே வருகிறது.

அப்படியானால் (இ)-ஐ எப்படி நீக்குவது? அதே தொடரை, நீங்கள் வீட்டிலோ தெருவிலோ கேட்ட வேறொரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். "கஷ்ட காலத்தில் கூட இருந்தவனைக் கை கழுவிட்டான்." கூட இருந்தவனை விற்க முடியாது, அவனால் இலாபமும் பார்க்க முடியாது. விட்டு விலகத்தான் முடியும். இரண்டு வாக்கியங்களிலும் நிற்கிற பொருள் (ஆ) மட்டும்.

இந்த இரண்டாம் வாக்கியச் சோதனையை முழுமையாகப் பழகிக்கொள்ளுங்கள். வினாவில் கொடுத்த வாக்கியத்தில் மட்டும் விடையைப் பொருத்திப் பார்க்கச் சொல்லித்தான் பலரும் கற்றுத் தருகிறார்கள். அது பாதி வேலைதான். வினா எழுதுகிறவரும் அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டேதான் தவறான விடையைச் செய்கிறார், ஆகவே அதில் தவறும் பொருந்தும். அவர் கையில் இல்லாதது நீங்கள் கொண்டுவரும் இன்னொரு வாக்கியம்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

முதல் வேலை, விடைகளைப் பார்க்காமல் வாக்கியத்தை மட்டும் படிப்பது. பயிற்சியின்போது விடைகளின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துவிடுங்கள். விடைகளை முதலில் பார்த்துவிட்டால், அவற்றில் ஒன்று உங்கள் நினைவில் இருக்கும் பொருளை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதுதான் முன்பே தெரிந்த பொருள் என்று தோன்றும்.

அடுத்து, தொடரில் உள்ள பெயர்ச்சொல்லில் 'ஐ' உருபு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் நேர்ப்பொருளுக்கும் மரபுப் பொருளுக்கும் இடையே பல இடங்களில் இந்த ஓர் எழுத்துதான் வேலியாக நிற்கிறது. "கையை ஓங்கினான்" என்றால் அடிக்கப் போனான். "எதிரணியின் கை ஓங்கியது" என்றால் எதிரணி வலுப்பெற்றது. "கையைக் கழுவினான்" என்றால் சாப்பிட்டு எழுந்தவன் செய்வது. "கடையைக் கை கழுவினான்" என்றால் விட்டுவிட்டான். கடைசி எடுத்துக்காட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். கைக்கு உருபு இல்லை, ஆனால் 'கடை' என்ற வேறொரு சொல் 'ஐ' ஏற்று நிற்கிறது. 'கை கழுவு' என்ற இரண்டு சொல்லும் ஒட்டி ஒரே வினையாகி, தனக்கென்று ஒரு செயப்படுபொருளையும் எடுத்துக்கொண்டது என்று பொருள். "நண்பனைக் கைவிட்டான்", "அந்த உறவைத் தலைமுழுகினான்" எல்லாம் இதே அமைப்பு. இப்படி ஓர் அமைப்பைக் கண்டால் நேர்ப்பொருள் விடையை யோசிக்காமல் அடித்துவிடலாம்.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, 'ஐ' இருந்தால் நேர்ப்பொருள்தான் என்று முடிவு செய்யக் கூடாது. மூக்கை நுழைத்தல் (வேண்டாத இடத்தில் தலையிடுதல்), கையைக் கடித்தல் (செலவு தாங்க முடியாமல் நட்டப்படுதல்), கையை விரித்தல் (உதவ முடியாது, இல்லை என்று சொல்லிவிடுதல்) ஆகியவை உருபோடு வரும் மரபுத்தொடர்களே. உருபு இல்லாமை ஒரு நல்ல அறிகுறி, உருபு இருப்பது எதையும் நிரூபிக்காது.

மூன்றாவது, பொருளை உங்கள் சொந்தச் சொல்லில், பேச்சுத் தமிழிலாவது, மனதுக்குள் சொல்லிக்கொள்வது. 'ஆறப்போடுதல்' என்று வந்தால் "அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வைக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் விடைகளைத் திறக்க வேண்டும். அப்போது 'சூட்டைத் தணித்தல்', 'மறந்துவிடுதல்', 'காலம் தாழ்த்துதல்', 'சமாதானம் செய்தல்' என்ற நான்கில் கண் தானாக மூன்றாவதற்குப் போகும். சொல்லிக்கொள்ளாமல் திறந்தவர் 'சமாதானம் செய்தல்' அருகே தயங்குவார். கோபம் ஆறுவது என்ற இன்னொரு வழக்கு அங்கே குறுக்கே வரும்.

கடைசியாக, எஞ்சிய விடையை வாக்கியத்தில் அதே காலத்திலும் அதே எச்சத்திலும் மாற்றி வைத்துப் படியுங்கள். விடைகள் 'தல்' என்று தொழிற்பெயராக இருக்கும், வாக்கியத்தில் 'கழுவிவிட்டு' என்று எச்சமாக இருக்கும். 'விலகுதல்' என்பதை அப்படியே வைக்காமல் 'விட்டு விலகிவிட்டு' என்று மாற்றிப் படித்தால்தான் பொருந்துகிறதா என்பது காதுக்குத் தெரியும். அதன்பின் இரண்டாம் வாக்கியம்.

ஒரு வினா, முழுமையாக

"தந்தை இறந்தபின் நொடித்துப்போன குடும்பம், மூத்த மகன் தலையெடுத்த பிறகுதான் நிமிர்ந்தது." தலையெடுத்தல் என்பது:
(அ) கொலை செய்தல் (ஆ) பொறுப்பேற்றல் (இ) வளர்ந்து முன்னுக்கு வருதல் (ஈ) தலைவனாதல்

உருபைப் பாருங்கள்: 'தலையை எடுத்த' என்று இல்லை, 'தலையெடுத்த' என்று ஒட்டி வருகிறது. யாருடைய தலை என்றும் இல்லை. (அ) போய்விட்டது. குடும்பம் நிமிர்ந்தது என்பதால் தொடர் நல்ல பொருளில் வருகிறது என்பதும் தெரிகிறது. அதிலும் (அ) நிற்காது. ஆனால் மீதி மூன்றும் நல்ல பொருள்தான். மாற்றி வைத்தால் "மூத்த மகன் பொறுப்பேற்ற பிறகுதான் நிமிர்ந்தது" என்பது அழகாகப் பொருந்துகிறது. உண்மையில் நடந்ததும் அதுவாகவே இருக்கலாம். (ஈ)-யும் அவ்வளவு மோசமில்லை, தலை என்ற சொல்லில் இருந்தே தலைவன் வருகிறான்.

இப்போது வேறு வாக்கியங்கள். "பூச்சி விழுந்த பயிர் மறுபடி தலையெடுக்கவே இல்லை." பயிர் பொறுப்பேற்காது, தலைவனாகாது. வளரவில்லை, தேறவில்லை. "அடங்கிக் கிடந்த சாதிச் சண்டை அந்த ஊரில் மீண்டும் தலையெடுத்தது." இங்கும் கிளம்பி வளர்ந்தது என்பதுதான். ஆக, கீழே கிடந்த ஒன்று எழுந்து வளர்வதே தொடரின் உயிர். விடை (இ). மகன் பொறுப்பேற்றது அந்த வளர்ச்சியால் விளைந்தது. விளைவைப் பொருளாகக் காட்டுவது வினா எழுதுகிறவர்கள் விரும்பிச் செய்யும் வேலை. இரண்டு விடைகளுக்கு நடுவே தயங்கினால், இதில் எது தொடர் சொல்வது, எது அதன் பின்னால் நடப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாக்கியமே தராமல் வெறும் தொடரைக் கொடுத்துப் பொருள் கேட்டாலும் வழி மாறாது. நீங்களே இரண்டு வாக்கியங்கள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பயனில்லை. ஒன்றில் மனிதரும் மற்றொன்றில் பொருளோ செயலோ வரட்டும்.

பக்கத்து வீட்டுத் தொடர்கள்

நேர்ப்பொருளுக்கு அடுத்தபடி ஏமாற்றுவது ஒரே சொல்லில் தொடங்கும் தொடர்கள். தட்டிக் கொடுத்தல் என்றால் ஊக்கப்படுத்துதல். தட்டிக் கேட்டல் என்றால் அநியாயத்தை எதிர்த்துக் கேட்டல். தட்டிக் கழித்தல் என்றால் சாக்குச் சொல்லித் தவிர்த்தல். இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் மற்ற இரண்டின் பொருளும் விடைகளில் உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பாருங்கள். 'தட்டி' என்பதைப் படித்ததும் மனம் ஒரு பொருளுக்கு ஓடிவிடும், இரண்டாம் சொல்லைப் படிக்கும் முன் கை விடையைக் குறித்துவிடும்.

வயிறு இன்னும் பெரிய குடும்பம். வயிற்றில் அடித்தல் என்பது பிழைப்பைக் கெடுத்தல். வயிற்றில் பால் வார்த்தல் என்பது கவலையில் இருப்பவருக்கு ஆறுதலான செய்தி தந்து நிம்மதி அளித்தல். வயிற்றில் புளியைக் கரைத்தல் என்பது அச்சம் உண்டாக்குதல். மூன்றிலும் 'வயிற்றில்' என்பது பொது. பொருளை முழுக்க முடிவு செய்வது பின்னால் வரும் சொற்கள். இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, எது எதிலிருந்து எங்கே பிரிகிறது என்று பார்ப்பது நல்லது.

கரைத்துக் குடித்தல் என்பதில் வேறு விதமான குழப்பம். 'சொத்தைக் கரைத்தான்' என்றால் அழித்தான். அதனால் 'இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர்' என்பதற்கு 'வீணடித்தவர்' என்ற விடை இருந்தால் சிலர் அங்கே போய்விடுகிறார்கள். 'குடித்து' என்ற சொல் சேர்ந்ததும் பொருள் தலைகீழாகிவிடுகிறது. மிச்சமில்லாமல் உள்ளே ஏற்றிக்கொண்டவர், அதாவது முழுமையாகக் கற்றவர்.

சொல் வேறாக இருந்து பொருள் மட்டும் நெருங்கி நிற்கும் தொடர்களும் உண்டு. அவற்றில் மிகுந்த தொல்லை தருவது 'கிடைக்காதவை' என்று சேர்த்துச் சொல்லக்கூடிய கூட்டம்: ஆகாயத்தாமரை, கானல் நீர், எட்டாக்கனி, குதிரைக்கொம்பு, அத்திப் பூத்தாற்போல. ஐந்துக்கும் 'கிடைக்காதது' என்று ஒரே பொருள் எழுதி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வினாவில் அந்த ஐந்தின் வேறுபாடுதான் கேட்கப்படுகிறது.

ஆகாயத்தாமரை என்பது இல்லவே இல்லாதது. வானத்தில் தாமரை பூக்காது. குளத்தில் மிதக்கும் ஒரு செடிக்கும் ஊரில் அதே பெயர் வழங்குவதால் 'நீரில் மிதக்கும் தாவரம்' என்று ஒரு விடை இருந்தால் அது பொய்யும் இல்லை, இருந்தாலும் மரபுத்தொடர் என்று கேட்ட இடத்தில் அதைக் குறிக்கக் கூடாது. கானல் நீர், இருப்பதுபோல் தோன்றி ஏமாற்றுவது. தோற்றம் என்ற கூறு விடையில் இருக்க வேண்டும். எட்டாக்கனி உண்மையில் இருக்கிறது, பிறருக்குக் கிடைக்கவும் செய்யலாம். நமக்குத்தான் அடைய முடியவில்லை. அத்திப் பூத்தாற்போல என்பது எப்போதாவது அரிதாக நடப்பது. அத்தியின் பூக்கள் காய் போன்ற உறைக்குள்ளேயே மறைந்திருப்பதால் வெளியே யாரும் பார்ப்பதில்லை. அதனால் வந்த வழக்கு இது. 'பூத்தாற்போல' என்பதைப் பார்த்து 'மகிழ்ச்சி' என்றோ 'மிகுதி' என்றோ குறிப்பது புதியவர்களின் வழக்கமான பிழை.

குதிரைக்கொம்பு கொஞ்சம் சிக்கலானது. சொல்லளவில் அது இல்லாத பொருள். ஆனால் வழக்கில் "இந்தப் பகுதியில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு" என்றுதான் சொல்கிறோம். வீடே இல்லை என்று யாரும் சொல்லவில்லை, கிடைப்பது மிகவும் கடினம் என்கிறார்கள். அதனால் 'கிடைத்தற்கு அரியது', 'இல்லாத பொருள்' என்ற இரண்டும் விடைகளில் இருந்தால் வாக்கியத்தைத் திரும்பிப் பாருங்கள். 'கிடைப்பது' என்ற சொல்லோடு வந்தால் முதலாவது. முயற்கொம்புக்கும் இதே கவனம் தேவை.

ஒரே தொடர், இரண்டு பொருள்

"பெற்ற பிள்ளையே ஆனாலும் கை நீட்டக் கூடாது." "எவ்வளவு வறுமையிலும் யாரிடமும் கை நீட்டியதில்லை." முதலாவதில் அடித்தல், இரண்டாவதில் உதவி கேட்டல். பதவியில் இருப்பவரைப் பற்றிப் பேசும்போது கையூட்டு வாங்குதல் என்றும் ஆகும். நான்கு விடைகளில் இரண்டு, அகராதிப்படி சரியாகவே இருக்கக்கூடிய வகை இது. இங்கே இரண்டாம் வாக்கியச் சோதனை காலை வாரிவிடும், ஏனென்றால் நீங்கள் கொண்டுவரும் வாக்கியம் மற்றப் பொருளில் அமைந்துவிடலாம். ஆகவே பல பொருள் உள்ள தொடர் என்று தெரிந்ததும் வினாவின் வாக்கியத்துக்கே திரும்பி, தொடரை ஒட்டிய வேற்றுமையைப் பிடியுங்கள். 'பிள்ளை மேல்' என்றோ 'பிள்ளையை' என்றோ வந்தால் அடித்தல். 'யாரிடம்' என்று வந்தால் கேட்டல்.

பொருளைத் தெரிந்தால் தொடர் தெரியும்

சில தொடர்களில் ஏமாற்றம் வேறு இடத்திலிருந்து வருகிறது. உள்ளே இருக்கும் பொருளை நாம் இப்போது பார்ப்பதில்லை. 'இலவு காத்த கிளி போல' என்பதற்குப் 'பொறுமை' என்று குறிப்பவர்கள் 'காத்த' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். 'துக்கம்' என்று குறிப்பவர்கள் இலவை இழவு என்று படித்துவிட்டவர்கள். இலவ மரத்தின் காய் முற்றினால் பழுக்காது. வெடித்துப் பஞ்சாகப் பறந்துவிடும். பழமாகும் என்று காத்திருந்த கிளிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. நெடுநாள் நம்பிக் காத்திருந்து ஏமாறுதல் என்ற பொருள் காயை அறிந்தவர்க்குத் தானே வரும்.

'விழலுக்கு இறைத்த நீர்' என்பதில் விழல் என்பது ஒரு புல். விழுதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பயிருக்குப் போக வேண்டிய நீர் புல்லுக்குப் போனால் உழைப்பு வீண். 'ஒத்து ஊதுதல்' என்பதைப் பார்த்து 'ஒற்றுமையாக இருத்தல்' என்று குறிக்கத் தோன்றும். ஒத்து என்பது நாகசுரக் கச்சேரியில் சுருதிக்காக ஒரே சுரத்தை விடாமல் ஊதும் குழல். தனியாக ராகம் எதுவும் வாசிக்காது. மற்றவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுதல் என்பதே பொருள். அதில் லேசான இகழ்ச்சியும் இருக்கிறது. 'உதவி செய்தல்' போன்ற நல்ல பொருள் விடையை அந்த இகழ்ச்சியைக் கொண்டே நீக்கலாம்.

குறிப்பேடு

தொடர், பொருள் என்று இரண்டு பத்தி போட்டு எழுதும் நோட்டு போதாது. நான்கு பத்தி போடுங்கள். தொடர் ஒன்று, பொருள் ஒன்று, நீங்கள் காதால் கேட்ட ஒரு வாக்கியம் ஒன்று, நான்காவதில் உங்களை இழுத்த தவறான விடை. நான்காவது பத்தியை யாரும் எழுதுவதில்லை, திருப்பிப் படிக்கும்போது அதிகம் உதவுவது அதுதான். ஐம்பது தொடர் எழுதிய பிறகு அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழ் படித்தால், நீங்கள் நேர்ப்பொருளில் விழுகிறவரா, பக்கத்துத் தொடரில் விழுகிறவரா, விளைவைப் பொருளாக எடுப்பவரா என்பது தெரிந்துவிடும். அந்த வகையைத் தேடிப் பயிற்சி செய்யலாம்.

ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தொடர் போதும். புதிதாக எழுதும் முன், முந்தைய நாள் எழுதியவற்றில் பொருள் பத்தியை மறைத்து, வாக்கியத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லுங்கள். தொடரைப் பார்த்துப் பொருள் சொல்லும் பயிற்சி வேண்டாம். மனப்பாடம் ஆகிவிட்டது என்ற பொய்யான தெம்பைத்தான் அது தரும்.

தேர்வுக் கூடத்தில் இரண்டு விடைகள் மிஞ்சி நேரமும் ஓடினால், பொருளில் அதிகமாக எதையும் சேர்க்காத விடையைக் குறியுங்கள். 'விற்று இலாபம் பார்த்தல்' என்பதில் விற்றலும் இலாபமும் தொடரில் இல்லாத கூடுதல் செய்திகள். குரூப் 4 தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், இரண்டாகச் சுருக்கிய பின் ஐந்தாவது வட்டமான 'விடை தெரியவில்லை' என்பதை நிரப்ப வேண்டியதில்லை. எந்த வட்டத்தையும் நிரப்பாமல் மட்டும் வினாவை விட்டுவிடாதீர்கள்.